தலைவர் குறித்த தேதியில் ரத்த தான முகாம்

ரத்த தான முகாம் நடத்த என்னென்ன வேண்டும் என்று எங்கள் தலைவரைக் கேட்டால், முதலில் பேனர் என்பார். அடுத்து சிறப்பு விருந்தினர். அடுத்து பொன்னாடை. ரத்தம் என்ற வார்த்தை அவர் வாயில் வருவதற்குள் காப்பி வந்துவிடும், பேச்சு மாறிவிடும். நல்லவேளை, அறுவைச் சிகிச்சை முகாம் நடத்தும் யோசனை அவருக்கு இதுவரை வரவில்லை.

எங்களுடையது சின்னச் சங்கம். சிங்கப்பூரில், தேக்காவுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் ஒரு மண்டபம். நான் அதற்குச் செயலாளர். செயலாளர் என்றால் என்ன பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். வாடகை நாற்காலிக்குச் சொல்வது, மண்டபச் சாவி வாங்குவது, கழிப்பறையில் காகிதம் இருக்கிறதா என்று பார்ப்பது, தலைவரின் ஆங்கில மின்னஞ்சலைத் திருத்துவது. புக்கிட் பாத்தோக்கிலிருந்து ரயில் மாறி மாறி வந்து இதையெல்லாம் செய்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சமைக்க வேண்டும். "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று வீட்டுக்காரர் கேட்கமாட்டார். எதற்கு என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாவது பிரசவத்தில் எனக்கு ரத்தம் நிற்கவில்லை. பிள்ளை நன்றாக அழுதுகொண்டு வெளியே வந்துவிட்டாள், நான்தான் போய்க்கொண்டிருந்தேன். பை பையாக ஏற்றினார்கள் என்று பிறகு சொன்னார்கள். யாரோ கொடுத்த ரத்தம். அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். ஆனால் என் உடம்பில் இரும்புச்சத்து என்றைக்கும் போதாது. ஒவ்வொரு முகாமிலும் விரலை நீட்டுவேன், தாதி குத்திப் பார்ப்பார், தலையாட்டுவார். முருங்கைக்கீரையும் தின்றேன், மாத்திரையும் தின்றேன், ஈரலும் தின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. சரி, என்னால் முடியாது, முடிகிறவர்களைப் பிடித்து வந்து படுக்க வைப்போம் என்றுதான் இந்த முகாமைத் தொடங்கினேன்.

இந்தப் பிரசவக் கதையை நான் செயற்குழுவில் சொன்னதே இல்லை. சொன்னால் தலைவர் என்னை மேடையில் ஏற்றி, கழுத்தில் மாலை போட்டு, "இதோ உயிர் பிழைத்த தாய்" என்று ஒலிபெருக்கியில் அழுவார். அந்த அவமானத்துக்கு அன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

போன முறை முகாம் சோர்ந்துவிட்டது. மழை, பள்ளித் தேர்வு, என்னவோ. ரத்த வங்கியிலிருந்து எங்களைப் பார்த்துக்கொள்கிற ஒருங்கிணைப்பாளர் ஒரு சீனப் பெண்மணி. என் வயதுதான் இருக்கும், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். கட்டில்களை மடித்துக்கொண்டிருக்கும்போதே என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மண்டபத்துக்கு ஒரு குழு வந்தால், அன்று வேறோர் இடத்துக்கு அந்தக் குழு இல்லை. அடுத்த முறையும் ஐம்பது பை தேறாவிட்டால் இனி உங்களுக்குத் தேதி கொடுக்க முடியாது. அவர் சொன்னதில் தவறே இல்லை. மருத்துவர், தாதியர், கட்டில்கள், குளிர்ப்பெட்டிகள், லாரி எல்லாம் கிளம்பி வந்து, பிஸ்கட் தின்றுவிட்டுத் திரும்பிப் போகவா? ஆனால் இந்த முகாம் போய்விட்டால் நான் கடனாளியாகவே சாக வேண்டும்.

அதனால் இந்தத் தடவை பல மாதத்துக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டேன். ரத்த வங்கி இரண்டு தேதி கொடுத்தது. ஒன்று, நோன்புப் பெருநாள் முடிந்து, சித்திரை முடியும் சமயத்தில் ஒரு ஞாயிறு. அருமையான தேதி. இன்னொன்று, தைப்பூசம் முடிந்த இரண்டாவது ஞாயிறு. எங்கள் ஆட்களுக்கு அதைவிட மோசமான தேதியைப் பஞ்சாங்கம் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. காரணம் சொல்கிறேன். உடம்பில் அலகு குத்திக்கொண்டவர்கள் சில மாதத்துக்கு ரத்தம் கொடுக்கக்கூடாது. தோலைத் துளைத்த எதுவும் அப்படித்தான், பச்சை குத்தினாலும் இதே கதி. டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பியவர்களில் மலேரியா உள்ள பகுதியில் தங்கியவர்களும் சில மாதம் காத்திருக்க வேண்டும். எங்கள் முகாமுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஏதாவது ஒன்றில் மாட்டுவார்கள்.

செயற்குழுவில் நான் சித்திரைத் தேதியைச் சொன்னேன். தலைவர் கையை உயர்த்தினார்.

"அன்னைக்கு நம்ம சிறப்பு விருந்தினர் ஃப்ரீ இல்ல தங்கச்சி. தைப்பூசத்துக்கு அடுத்த ரெண்டாவது ஞாயிறுதான் அவருக்குத் தோதா இருக்கு. நான் ஏற்கனவே பேசிட்டேன்."

"தலைவரே, அவரு ரத்தம் குடுக்கப் போறாரா?"

"அவரு எதுக்குக் குடுக்கணும்? அவரு வந்து திறந்து வைப்பாரு."

"ரத்தத்தையா?"

பொருளாளர் பாய் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தேக்காவில் மூன்று தலைமுறையாக ஜவுளிக்கடை வைத்திருப்பவர், செயற்குழுவில் சொந்தமாக யோசிக்கத் தெரிந்த ஒரே ஆள். மற்றவர்கள் தலைவர் தலையாட்டினால் தலையாட்டுவார்கள். நான் அலகு விஷயத்தையும் மலேரியா விஷயத்தையும் விளக்கினேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"அலகு குத்துறப்ப ஒரு சொட்டு ரத்தம் வராது. பாத்திருக்கீங்கல்ல? அது முருகன் சக்தி. நாப்பத்தெட்டு நாள் விரதம் இருந்து, கறி மீன் தொடாம இருந்த உடம்பு. அவங்க ரத்தத்தவிட சுத்தமான ரத்தம் சிங்கப்பூர்ல எங்க கெடைக்கும்?"

"அதானே!" என்றது செயற்குழு.

"முருகன் ஒத்துக்குவாரு தலைவரே. ரத்த வங்கி ஒத்துக்காது" என்றேன்.

"பேசிக்கலாம் லா" என்றார். தேதி நிறைவேறியது.

பாய் மட்டும் வெளியே வரும்போது, "நானே டிசம்பர்ல ஊருக்குப் போறேன். என் வீட்ல ஒருத்தரும் தேறமாட்டோம். பாத்துக்கங்கம்மா" என்றார். அவர் வருஷத்துக்கு மூன்று முறை தவறாமல் கொடுக்கிறவர். அவர் போனால் அவரோடு ஒரு குடும்பமே போன மாதிரி.

வேறு வழியில்லை, வேலையில் இறங்கினேன். ரத்த வங்கி ஆட்கள் மண்டபத்தைப் பார்க்க வந்தார்கள். கட்டில்கள் போட இடம் இருக்கிறதா, மின்தூக்கி கட்டில் ஏறும் அளவுக்கு இருக்கிறதா, லாரி எங்கே நிற்கும், குளிர்சாதனம் ஓடுமா, மின்செருகிகள் எங்கே, கொடுத்தவர்கள் உட்கார்ந்து ஓய்வெடுக்க எந்த மூலை, தனியாகக் கேள்வி கேட்கத் திரை எங்கே கட்டலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மண்டபத்தின் நடுவில் ஒரு பெரிய மேடை இருப்பதைப் பார்த்து அந்தச் சீனப் பெண்மணி முகம் சுளித்தார். மேடையை அகற்றினால் இன்னும் நான்கு கட்டில் போடலாம் என்றார். நான் தலைவரிடம் கேட்டேன். மேடையை எடுத்துவிட்டால் விருந்தினர் எங்கே நிற்பார் என்று என்னைத் திருப்பிக் கேட்டார். மேடை அப்படியே இருந்தது.

பேனர் மாட்டக் கீழே நகர மன்றத்தின் அனுமதி வாங்கினேன். சாலையோரம் லாரி நிற்க அக்கம்பக்கக் கடைக்காரர்களிடம் பாயைவிட்டுச் சொல்லி வைத்தேன். சுவரொட்டி வாசகத்தை எழுதி ரத்த வங்கிக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கினேன். அதில் யார் கொடுக்கலாம், யார் கொடுக்கக்கூடாது என்று நாலு வரி, பெரிதாக, சுத்தத் தமிழில். அச்சாகி வந்த பேனரைப் பார்த்தேன். அந்த நாலு வரி காணோம். அந்த இடத்தில் தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இடம் பத்தல தங்கச்சி. துணைத்தலைவர் படமும் போடணும்னு கேட்டாரு."

ரத்த வங்கி ஒப்புக்கொண்ட வாசகத்தை இப்படி மாற்றலாமா என்று கத்தினேன். பேனர் நம்முடையதுதானே, அவர்கள் சின்னத்தை நான் தொடவில்லையே என்றார். மனிதருக்கு மூளையே இல்லை என்று சொல்லமாட்டேன். இருந்த மூளையெல்லாம் இந்த மாதிரி வேலைக்கே செலவாகிவிடுகிறது.

தைப்பூசத்தன்று அவர் செய்த காரியம் இருக்கிறதே, அதுதான் உச்சம். டோபி காட் பக்கம், காவடிகள் கோவிலை நெருங்கும் வழியில், அவருக்குத் தெரிந்தவர் ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார். அங்கே ஒரு மேசையைப் போட்டு, ஆட்களை உட்கார வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் பெயரும் கைத்தொலைபேசி எண்ணும் வாங்கினார். காவடி இறக்கிவிட்டு, கன்னத்தில் வேல் எடுத்த தழும்போடு, தலை சுற்றி வந்த பிள்ளைகளுக்கு ஒரு கோப்பை மோர் கொடுத்து, "தம்பி, ரத்தம் குடுக்குறியா?" என்றால் யார் மாட்டேன் என்பார்கள்? அன்றைக்கு அவர்களிடம் என்ன கேட்டாலும் கொடுப்பார்கள். இரவு தலைவர் வாட்ஸ்அப்பில் எழுதினார்: "இருநூறு பேர்! முருகன் அருள்!" கீழே செயற்குழு முழுக்கக் கைகூப்பும் படங்கள். பாய் மட்டும் எனக்குத் தனியாக ஒரே வார்த்தை அனுப்பினார்: "யா அல்லாஹ்."

நான் மறுநாளிலிருந்து அந்த எண்களுக்கு ஒவ்வொருவராக அழைத்தேன். "தம்பி, நீங்க அலகு குத்துனீங்களா? அப்ப இப்ப வராதீங்க, சில மாசம் கழிச்சு வாங்க" என்றேன். பால்குடம் எடுத்தவர்களை மட்டும் வரச்சொன்னேன். முதல் நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், அடையாள அட்டையை மறக்காதீர்கள் என்று தொண்டை வறண்டு போகுமளவுக்குச் சொன்னேன். பாதிப் பட்டியல்கூட முடியவில்லை, தலைவர் அழைத்தார்.

"வர்றவங்கள வராதேன்னு சொல்றீங்களாமே! நீங்க என்ன, நம்ம ஆளா, எதிரி ஆளா?"

"குடுக்க முடியாதவங்கள வரவெச்சு அவமானப்படுத்தச் சொல்றீங்களா?"

"வந்தா போதும். கூட்டம் தெரியணும். விருந்தினர் வர்றப்ப மண்டபம் காலியா இருந்தா யாரு பதில் சொல்றது?"

அன்றைக்கே அவர் எல்லோருக்கும் மறுபடி ஒரு செய்தி அனுப்பினார். அனைவரும் வருக, மதிய பிரியாணி உண்டு. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

முகாமன்று காலையில் எல்லாம் கச்சிதமாக நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். லாரி வந்தது, கட்டில்கள் ஏறின, பையை மெல்ல ஆட்டிக்கொண்டே எடை பார்க்கும் கருவிகள் வந்தன, திரை கட்டினார்கள். எங்கள் தொண்டூழியர்கள், பெரும்பாலும் கடைகளில் வேலை செய்யும் பெண்களும் வீட்டிலிருக்கும் பெண்களும், மஞ்சள் சட்டை போட்டு நின்றார்கள். முந்தின வாரமே அவர்களை உட்கார வைத்துச் சொல்லியிருந்தேன். பதிவு மேசை யார், வரிசை யார், கொடுத்து முடித்தவரை நாற்காலிக்குக் கூட்டிப்போவது யார், அவர் பத்து பதினைந்து நிமிஷம் உட்காராமல் எழுந்திருக்கவிடாமல் பார்ப்பது யார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விஷயம்: திரைக்குள்ளே போய் உடனே திரும்பி வருகிறவரை ஏன் என்று கேட்கவே கூடாது. அது அவருக்கும் மருத்துவருக்கும் உள்ள விஷயம்.

இந்தப் பாடத்துக்கு வராத ஒரே ஆள் தலைவர்.

முதல் ஒரு மணி நேரம் என் ஆட்கள் வந்தார்கள். பால்குடம் எடுத்த அக்காமார், பாய் அனுப்பிய கடைப் பையன்கள், என் அடுக்குமாடி புளோக்கில் பக்கத்து வீட்டு மலாய்க்காரர். ஒவ்வொரு கட்டிலும் நிறைந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. அதன் பிறகு காவடிக் கூட்டம் வந்தது. குடும்பம் குடும்பமாக, நண்பர்கள் நண்பர்களாக. படிக்கட்டு வரை வரிசை. தலைவர் வரிசையைப் படம் எடுத்து விருந்தினரின் உதவியாளருக்கு அனுப்பினார். வரிசையில் முதலில் நின்ற தம்பி கட்டுமஸ்தான ஆள், நெற்றியில் திருநீறு. திரைக்குள் போனார். உடனே வெளியே வந்தார்.

"என்ன தம்பி, ஏன் வந்துட்ட? என்ன வியாதி?" என்றார் தலைவர், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.

அந்தத் தம்பி முகம் செத்துவிட்டது. "வியாதி எல்லாம் இல்ல அங்கிள். அலகு குத்துனேன்ல, அதான்."

"அத ஏன் அவங்ககிட்ட சொன்ன?"

இதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கேள்விகளுக்குப் பொய் சொல்வது சட்டப்படி குற்றம். ரத்தம் வாங்குகிற நோயாளியின் உயிரைப் பற்றிய விஷயம். சீனப் பெண்மணி பாய்ந்து வந்தார். தமிழ் தெரியாவிட்டாலும் என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். இனி இவர் திரைப் பக்கம் வந்தால் முகாமை அங்கேயே நிறுத்திவிடுவேன் என்று ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். நான் அதைத் தமிழில் இன்னும் கொஞ்சம் உப்பு மிளகாய் சேர்த்துத் தலைவரிடம் சொன்னேன்.

அடுத்தவர் போனார், வந்தார். அதற்கடுத்தவரும் போனார், வந்தார். ஊருக்குப் போய் வந்தவர்கள் ஒருபுறம், அலகு குத்தியவர்கள் ஒருபுறம். வரிசை நகர்ந்த வேகத்தைப் பார்த்தால் பேருந்தில் பயண அட்டையைத் தட்டிவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. எல்லோரும் அப்படியே பிரியாணிப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். மண்டபம் நிறைந்துவிட்டது. கட்டில்கள் காலி. தாதியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

பிற்பகல் விருந்தினர் வந்தார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தலைவர் மேடையேறி "குருதிக் கொடை" என்று தொடங்கி, செங்குருதி, தண்குருதி, உயிர்க்குருதி என்று அடுக்கிக்கொண்டே போனார். பிறகு படம் எடுக்க வேண்டும். ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் பக்கத்தில் விருந்தினர் நிற்க வேண்டும். கொடுப்பவர் யாரும் இல்லை. அந்த முதல் தம்பியைத் தலைவர் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"சும்மா படுத்துக்க தம்பி. படத்துக்குத்தான்."

தாதி கட்டிலுக்கு முன்னால் கையை நீட்டித் தடுத்தார். தம்பி வெட்கத்தில் நெளிந்தார். விருந்தினர் வேறு பக்கம் பார்த்தார். இத்தனை வருஷத்தில் நான் அந்த மண்டபத்தில் இவ்வளவு கூசியதில்லை.

அந்த நேரம் பார்த்துச் சீனப் பெண்மணி என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஐம்பதில் பாதிகூட வரவில்லை. இப்படியே போனால் வருத்தத்தோடு எழுத வேண்டியிருக்கும். நீ உழைத்தாய் என்று எனக்குத் தெரியும் என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உடைத்தது. கண் கலங்கிவிட்டது. நான் கழிப்பறைக்குப் போய் அழலாமா என்று யோசித்தேன். பிறகு மேடையைப் பார்த்தேன். மஞ்சள் சட்டை போட்ட செயற்குழு மொத்தமும் அங்கே விருந்தினர் பக்கத்தில் முண்டியடித்துக்கொண்டு நின்றது. முகாம் தொடங்கிய நாளிலிருந்து பாயைத் தவிர இவர்களில் ஒருவர்கூட அந்தக் கட்டிலில் படுத்ததில்லை. எனக்கு அழுகை நின்றுவிட்டது.

மேடையேறி ஒலிபெருக்கியைத் தலைவர் கையிலிருந்து வாங்கினேன். அவர் பாணியிலேயே பேசினேன்.

"அவையோர்களே! இப்போது நிகழ்ச்சியின் முத்தாய்ப்பாக, நம் தலைவரின் தலைமையில் செயற்குழு உறுப்பினர்கள் அனைவரும் வரிசையில் நின்று ரத்த தானம் செய்வார்கள்!"

விருந்தினர் கைதட்டினார். அவர் தட்டியதும் மண்டபம் தட்டியது. துணைத்தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். நான் விடவில்லை. ஒலிபெருக்கி கையில் இருக்கும்போதே, வீட்டில் பேசுவதுபோல் பேசினேன்.

"அலகு குத்துன தம்பிங்க, நீங்க வந்ததே பெருசு, சாப்பிடுங்க. ஆனா உங்க கூட வந்தவங்க இருக்காங்கல்ல? காவடிக்குப் பக்கத்துலயே நடந்தவங்க, தண்ணி புடிச்சவங்க, பாட்டுப் பாடுனவங்க, அக்கா, தங்கச்சி, ஃப்ரெண்ட்ஸ். உங்களுக்கு உடம்புல குத்தல. நல்லா சாப்பிட்டும் ஆச்சு. வாங்களேன். டாக்டர்கிட்ட எல்லாத்தையும் உண்மையாச் சொல்லுங்க. முடியாதுன்னா முடியாது, யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க. முடியும்னா குடுங்க."

பிறகு அந்த முதல் தம்பியே தன் மேசையிலிருந்த நண்பர்களை எழுப்பினார். "போங்கடா. எனக்காக அவ்வளவு தூரம் நடந்தீங்கல்ல, எனக்காக இதையும் செய்ங்க." நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். ஒரு காவடியோடு எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா? எல்லோருக்கும் தெரியும். பட்டியல் போட்டபோது ஒருவருக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

கீழே இறங்கியதும் சீனப் பெண்மணி என்னைப் பிடித்துக்கொண்டார். மேடையில் வைத்து ஒருவரைக் கட்டாயப்படுத்தினால் அது தானமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. திரைக்குள்ளே போனதும் விருப்பமில்லை என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு, தாதியர் தனியாகக் கேட்பார்கள் என்று அவரே சொன்னார். "அது எனக்கும் தெரியும். ஒருத்தரும் கட்டில் வரை போகமாட்டார்கள்" என்றேன்.

செயற்குழு ஒவ்வொருவராகத் திரைக்குள் போனது. துணைத்தலைவர் உடனே வெளியே வந்தார், முகத்தில் நிம்மதி வழிந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை, சட்டம் எனக்கும் பொருந்தும். இன்னும் இரண்டு மூன்று பேர் அப்படியே வந்தார்கள். சிலர் வரவில்லை, கட்டிலுக்குப் போய்விட்டார்கள். எனக்கு அதுவே ஆச்சரியம். கடைசியாகத் தலைவர் போனார். அவர் என்ன காரணம் சொல்வார் என்று பாயும் நானும் பேசிக்கொண்டு நின்றோம். நான் ரத்த அழுத்தம் என்றேன். பாய் முதுகுவலி என்றார். ஒரு வார்த்தை போதும் அவருக்கு. வெளியே வந்து, "கொடுக்க ஆசைதான், அவர்கள்தான் வேண்டாம் என்றார்கள்" என்று விருந்தினரிடம் சொல்லிவிடலாம். யாரும் சரிபார்க்க முடியாது.

அவர் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மூலைக் கட்டிலில் படுத்திருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்கள். கண்ணை இறுக மூடியிருந்தார். உதடு ஏதோ மந்திரம் முணுமுணுத்தது. நெற்றியெல்லாம் வியர்வை. மனிதர் பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார். படம் எடுக்கிறவர் கிட்டே போனபோது, தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றார். இந்த மனிதரா?

விருந்தினர் கிளம்பிப் போனார். தலைவர் படுத்திருப்பது தெரிந்ததாலோ என்னவோ, இன்னும் கொஞ்சம் பேர் வரிசைக்கு வந்தார்கள். காவடியோடு நடந்த பெண்கள், அவர்களின் மாமன் மச்சான்மார். கட்டில்கள் நிறைந்தன. நானும் வழக்கம்போல் விரலை நீட்டினேன், தாதி வழக்கம்போல் தலையாட்டினார். முடிகிற நேரத்தில் சீனப் பெண்மணி குளிர்ப்பெட்டியை மூடிவிட்டு என்னிடம் வந்தார். ஐம்பதைத் தாண்டிவிட்டது, ஆனால் அடுத்த தேதியை நான் குறிப்பேன், உங்கள் தலைவர் தொடக்கூடாது என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தலைவர் ஓய்வு நாற்காலியில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முகம் வெளுத்திருந்தது. மைலோக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"தங்கச்சி, அந்தப் பையில நம்ம பேரு இருக்குமா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இல்ல தலைவரே. நம்பர் ஒட்டியிருக்கும். வாங்குறவங்களுக்கு உங்க பேரு தெரியாது. உங்களுக்கும் அவங்க யாருன்னு தெரியாது."

"தெரியவே தெரியாதா?"

"தெரியவே தெரியாது."

அவர் யோசித்தார். "நல்ல மனுஷங்களாப் பாத்துக் குடுத்தா தேவல. கண்ட கண்ட ஆளுக்குப் போயிடக் கூடாது."

இத்தனை வருஷம் அந்த மனிதரிடமிருந்து மறைத்து வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"எனக்கு ரெண்டாவது பிரசவத்துல பை பையா ஏத்துனாங்க தலைவரே. அதனாலதான் இன்னைக்கு உங்க முன்னாடி உக்காந்திருக்கேன். கண்ட ஆளுக்குத்தான் போகும். என்னை மாதிரி வாயாடிக்குப் போகும். எனக்குக் குடுத்தவங்கள்ல யாராவது ஒருத்தர் உங்கள மாதிரி இருந்திருக்கலாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மேடை என்றோ மாலை என்றோ சொல்லப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

"குத்துறப்ப ரொம்பப் பயமா இருந்துச்சும்மா" என்றார். "அவங்களுக்கும் பயமா இருந்திருக்கும்."

எனக்குக் கொடுத்தவர்கள் பயந்திருப்பார்கள் என்று அதுவரை நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.